கல்யாணக் காலைக்கு ஒரு பை

அன்பு மல்லிகா,

பத்திரிகை கிடைத்தது. உன் வீட்டுக்காரர் தன் பெயருக்குப் பின்னால் அத்தனை பட்டத்தையும் போட்டதில் பெண்ணின் பெயர் ஓரமாகப் போய்விட்டது என்று அவரிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவனுக்கு மாற்றல் வந்துவிட்டது. மற்றதை நேரில் பேசலாம்.

இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வாரம் கோவில்பட்டியில் என் ஓரகத்தியின் தம்பி மகனுக்குக் கல்யாணம். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார். முகூர்த்தம் காலை நாலரை முதல் ஆறு. மண்டபம் ஊரைவிட்டு வெளியே, பைபாஸ் ஓரம். ஐயர் கூறைப் புடவைத் தட்டைப் பெரியவர்களிடம் காட்டி ஆசி வாங்கிப் பெண் கையில் கொடுத்து, “பத்து நிமிஷத்தில் மாத்திட்டு வாங்கம்மா” என்றார். அறைக்குள் போனதும்தான் தெரிந்தது, ரவிக்கை பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டிச் சாவி பெண்ணின் அம்மா இடுப்பில் இருக்கிறது, அந்த அம்மா வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்ச் சாவி வாங்கி ரவிக்கையைப் போட்டால் மேல் கொக்கி இரண்டும் தெறித்துவிட்டன. தையல்காரர் கடைசி நேரத்தில் கொடுத்ததை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஊசி இருந்தது. அதில் நூல் கோக்கக் கண் தெரிந்த ஆள் அறையில் இல்லை! எல்லோரும் நம் வயதுக்காரிகள், கண்ணாடிகளோ கைப்பைகளில், கைப்பைகள் எங்கேயோ. கடைசியில் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கோத்தோம். வெளியே ஐயர் கடிகாரத்தைப் பார்க்க, உள்ளே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மை கரைந்து, திரும்பவும் முகம் திருத்தி... உனக்கு இது நடக்கக்கூடாது. அதற்குத்தான் அவசரத்துக்கு ஒரு பை தயார் செய்யச் சொல்லி எழுதுகிறேன்.

பெரிய சாமானை யாரும் மறப்பதில்லை மல்லிகா. நகை, பட்டு, சீர்வரிசை எல்லாம் பட்டியல் போட்டு வரும். ‘அது அவங்க கொண்டு வருவாங்க’ என்று இரண்டு வீடும் நினைக்கிற சாமான்தான் விட்டுப்போகிறது. மெட்டி அப்படி, ஆரத்திச் சுண்ணாம்பு அப்படி, விளக்குக்கு எண்ணெய் அப்படி. அதனால் முதல் வேலையாக, இந்த வாரமே உன் சம்பந்தி அம்மாவுக்கு போன் போட்டு ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேள். ‘எல்லாம் பார்த்துக்கலாம்’ என்ற பதிலோடு போனை வைத்துவிடாதே. கேட்கக் கூச்சமாக இருந்தால், “நாங்க ரெண்டு பை தயார் பண்றோம், ஒண்ணு உங்க அறைக்கும் வரும்” என்று சொல். கேட்கிறவர் மனசு குளிரும், உனக்கும் பேச்சை ஆரம்பிக்க வழி கிடைக்கும்.

பையில் என்ன வைப்பது என்பதற்கு நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் ஒன்றுதான். காலை நாலரைக்கு மண்டபத்துப் பக்கத்தில் விலை கொடுத்தாலும் கிடைக்காத சின்னச் சாமான் எதுவோ, அது மட்டும் உள்ளே போகட்டும். மற்றதைத் திணித்தால் தேடுகிறபோது ஒன்றும் கைக்கு வராது.

ஊக்கும் ஊசியும் முதலில். ஊக்கு மூன்று அளவிலும் ஒவ்வொரு அட்டை வாங்கு. பெரியது இடுப்புக் கொசுவத்துக்கு, நடுத்தரம் தோளுக்கு, சின்னது மேலாக்கு மடிப்புக்கு. ஒவ்வொரு ஊக்கிலும் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்து, வளைவு வரைக்கும் தள்ளிவிடு. பட்டு நூலும் ஜரிகையும் அந்த வளைவுக்குள் போய்ச் சிக்கித்தான் புடவை கிழிகிறது. மணி அங்கே இருந்தால் துணி உள்ளே போகாது. ஊசியில் நூலை வீட்டிலேயே கோத்து, முனையில் முடிச்சுப் போட்டு, ஒரு அட்டையில் சுற்றிக் குத்தி வை. கூறை ரவிக்கை நிறத்தில் ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நாலைந்து கொக்கி, ஒரு சின்னக் கத்தரி. கத்தரி மாலைக்கும் வேண்டும். மாலை கட்டுகிறவர்கள் பின்பக்கம் விடுகிற வாழைநார் முனை கழுத்தைக் குத்திக்கொண்டே இருக்கும், மேடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாலை மாற்றுகிறதுக்கு முன்னால் அதை நறுக்கிவிடச் சொல்.

மாப்பிள்ளை அறைக்குப் போகிற பையில் வேட்டி பெல்ட் கட்டாயம் இருக்கட்டும். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பட்டு வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. வலம் வரும்போது ஒரு கை வேட்டியிலும் ஒரு கை பெண் கையிலுமாக வந்தால் போட்டோவில் அதுதான் தெரியும். கைக்குட்டை நாலு போடு. ஓமப்புகையில் கண்ணும் மூக்கும் ஒழுகும். நனைந்ததையே திரும்பத் துடைத்தால் எரிச்சல் கூடும்.

தாலிக்கயிறு பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கயிறு விறைப்பாக இருக்கும், முடிச்சு இறுகாது. முதல் நாளே அரைத்த மஞ்சளைத் தடவி ஊறவைத்து நிழலில் காயப்போட்டால் இளகிவிடும். நீளத்தையும் பார். ஜடை அலங்காரம், மாலை இரண்டுக்கும் அடியில் கயிறு போய்ப் பின்கழுத்தில் மாப்பிள்ளை விரல் சேர வேண்டும். முதல் முடிச்சுக்குப் பிறகு நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சும் போட நுனி மிச்சம் வேண்டும். சாதாரணச் சணல் ஒன்றை மாலை போட்ட கழுத்தில் வைத்து அளந்து கொள். கூடவே மஞ்சள் தடவிய இன்னொரு கயிறும் ஒரு விரலி மஞ்சளும் பையில் இருக்கட்டும். தாலி வர ஏதாவது தாமதமானால், கயிற்றில் மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டு முகூர்த்தத்தைக் காப்பாற்றலாம். நம் பாட்டிமார் காலத்திலிருந்து உள்ள வழிதான்.

மெட்டியை யார் வாங்குவது என்பது ஊருக்கு ஊர் மாறும். யார் வாங்கினாலும் அளவை உன் பெண்ணிடம் வாங்கிக் கொடு. பெரிதாக இருந்தால் அம்மி மிதித்துவிட்டு நடக்கிறபோதே கழன்று மண்டபத்துக் கம்பளத்துக்குள் போய்விடும். வெள்ளி மெட்டி வாய் பிளந்துதானே இருக்கும், கொஞ்சம் அமுக்கினால் சரியாகும். அப்படியும் தளர்ந்தால் உள்பக்கம் நூலை நாலு சுற்றுச் சுற்றிப் போடலாம்.

ஆரத்தியில் கோவில்பட்டியில் இன்னொரு கூத்து. தட்டில் மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது, யாரிடமும் சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். வெற்றிலைக் கடை ஆறு மணிக்கு மேல்தான் திறக்கும். கடைசியில் நாதஸ்வரக் குழுவில் வெற்றிலை போடுகிற பெரியவர் ஒருவர் தன் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பாக்கெட் சுண்ணாம்பு காய்ந்து கட்டியாகிவிடும். சின்ன மூடி டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து எடுத்துப் போ. அதோடு தீப்பெட்டி இரண்டு, திரி, ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெய். சமையல்கட்டில் கேட்டால் லைட்டர் கொடுப்பார்கள், அதை வைத்துக் குத்துவிளக்கு ஏற்ற முடியாது. ஆரத்தித் தட்டில் போடவும் ஐயர் கேட்கிற தட்சணைக்கும் பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை, ஒரு ரூபாய் நாணயம் ஒரு கைப்பிடி. நோட்டுக் கட்டு மொத்தமும் உன் வீட்டுக்காரர் சட்டையில் இருந்து, அவர் மணவறையில் உட்கார்ந்திருந்தால் யார் போய் எடுப்பது?

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. உன் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்று மணிக்கு எழுந்து குளித்து, பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு, தாரை வார்த்துக் கொடுக்கிறவர் என்பதால் முகூர்த்தம் முடிகிற வரை வெறும் வயிற்றில் இருப்பார். சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ஓமத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும்தான் வேர்க்கும், அழுகையும் பதற்றமும் சகஜம் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு இதில்தான் பயம். அன்றைக்குக் காலை மாத்திரையை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று இப்போதே அவர் டாக்டரிடம் கேட்டுவிடு, நீயாக மாற்றாதே. பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும், சர்க்கரை பார்க்கிற மெஷினும் இருக்கட்டும். எழுபதுக்குக் கீழே காட்டினால், அல்லது பார்க்க நேரமில்லாமல் சந்தேகம் வந்தாலே, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஒரு டம்ளர் பால் குடித்தால் விரதம் கெடாது என்று ஐயரை வைத்தே அவரிடம் சொல்லவை, நீ சொன்னால் கேட்க மாட்டார். சம்பந்தி வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர் என்பதையும் போனில் கேட்டுக்கொள். பெண்ணுக்கும் ஒரு பழமும் ஸ்ட்ராவும் வை. ஸ்ட்ரா இருந்தால் உதட்டுச் சாயம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்க மாட்டாள். நாப்கின் ஒரு பாக்கெட், தேதி எப்படி இருந்தாலும்.

பையை யார் வைத்திருப்பது? நீ வைத்திருக்கக் கூடாது. மேடை ஏறுகிற யாரும் வைத்திருக்கக் கூடாது. உன் கடைசித் தங்கை சரியான ஆள், ஓடவும் செய்வாள், அதட்டவும் செய்வாள். அவளுக்கு ஆரத்தி அது இது என்று எந்த வேலையும் கொடுக்காதே. பெட்டிச் சாவிகளும் அவளிடமே. ஐயர், மாலைக்காரர், மேளக்காரர், சமையல்காரர், வேன் டிரைவர் நம்பர்களை ஒரு தாளில் எழுதிப் பையின் உள்பக்கம் குத்திவிடு. நம்பர் எல்லாம் உன் போனில் இருக்கும், உன் போன் எங்கே இருக்கும் என்று அந்த நேரத்தில் உனக்கே தெரியாது.

நான் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். பாசிமணி கோக்கிற வேலையை எனக்கு வைத்திரு, ஹாஸ்டலில் உன் பாவாடைக்கெல்லாம் நாடா கோத்தவள் நான்தானே. கூறை ரவிக்கை தைத்து வந்ததும் முதலில் உன் பெண்ணைப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல். நூல் என்ன நிறம் என்று எனக்கு எழுது, இங்கே நம் பழைய கடையில் வாங்கி வருகிறேன். சம்பந்தி அம்மா மெட்டி பற்றி என்ன சொன்னார் என்பதையும் எழுது.

உன்
சாந்தா