கலந்தாய்வு நேரலை நடத்தும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கலந்தாய்வுக்காக யூடியூபில் கேள்வி நேரம் நடத்தும் கல்வி அமைப்பினருக்கு வணக்கம்.

உங்கள் நேரலையைப் பார்த்துவிட்டுத்தான் பல வீடுகளில் கல்லூரிப் பட்டியலே எழுதுகிறார்கள். அவர்கள் பாதியில் எழுந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் விருந்தினர் அல்ல, சாட்டில் கிளம்பும் சண்டையை நீங்கள் கையாளும் விதம்.

ஒரு வழக்கமான இடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு மதிப்பெண்ணை அப்படியே எடுத்து, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப் வரும் என்று விருந்தினர் விளக்குகிறார். அப்போது சாட்டில் ஒருவர், "அந்தக் காலேஜ்ல எவ்வளவு கமிஷன் வாங்குனீங்க?" என்று போடுகிறார். உடனே அதை அழித்தால், பார்த்த நாலு பேர் "ஏன் அழிச்சீங்க?" என்று கேட்பார்கள். ஒரு கேள்வி ஐந்தாகிவிடும். அப்படியே வாசித்தாலோ விருந்தினர் தன் நேர்மையை நிரூபிக்கக் கிளம்பிவிடுவார். கட்-ஆஃப் புரியாத அம்மா அதற்குள் வேறு வீடியோவுக்குப் போயிருப்பார்.

அந்த வசவுக்குள் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் பிரித்தெடுத்து, "இன்று பேசப்படும் கல்லூரிகளோடு உங்களுக்குப் பணத் தொடர்பு உண்டா என்று ஒருவர் கேட்கிறார்" என உங்கள் சொற்களில் வாசியுங்கள். பதில் அரை நிமிடம் போதும். தொடர்பு இருந்தால் இருக்கிறது என்றே சொல்லட்டும். இப்படி ஒரு கேள்வி வரும் என்று விருந்தினரிடம் முன்பே பேசி வையுங்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

பதில் முடிந்த அதே மூச்சில் அடுத்த கேள்வி வர வேண்டும். அதுவும் எண்ணோடு வர வேண்டும்: "கட்-ஆஃப் 162, மெக்கானிக்கல் வேண்டும், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எதைப் போடலாம்?" மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளையின் எண்ணை மனத்தில் வைத்துக் கவனிக்கத் தொடங்குவார்கள். "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று அந்த இடத்தில் இடைவெளி விட்டால், சண்டைக்கு வந்தவர்தான் முதலில் நுழைவார். இதனால்தான் திரையில் பேசுபவரே சாட்டையும் பார்க்கக் கூடாது என்கிறோம். சாட்டைப் பார்க்க ஒருவர் தனியாக இருந்து, பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் எப்போதும் மூன்று கேள்விகளைத் தயாராக வைக்கட்டும்.

அதே ஆள் மறுபடியும் அதையே கேட்டால், பதில் சொல்லியாயிற்று என்று ஒரே முறை சாட்டில் எழுதுங்கள், வாசிக்க வேண்டாம். சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ அசிங்கமாக எழுதினாலோ எச்சரிக்கை தேவையில்லை. அழித்துவிட்டு Hide user on this channel கொடுங்கள். Blocked words பட்டியலில் தமிழ் எழுத்தில் மட்டும் வசவைச் சேர்ப்பது போதாது. ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள், ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும்.

நேரலையின் தாமதத்தையும் கணக்கில் எடுங்கள். "இதோடு முடித்துக்கொள்வோம்" என்று நீங்கள் சொல்வது பார்ப்பவர் காதில் சில நொடி கழித்தே விழும். அதற்குள் வருபவை பழைய பேச்சுக்கான பதில்கள். அதை அடம் என்று நினைத்து மறுபடி கண்டித்தால் ஆறிய சண்டை மூண்டுவிடும். ஒளிபரப்புக்கு முன் ஒருவர் மொபைல் டேட்டாவில் நேரலையைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கேமரா முன் கை தட்டியதிலிருந்து அது போனில் தெரியும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். கண்டித்த பிறகு அதைவிடக் கூடுதலாகச் சற்றுக் காத்திருங்கள். தாமதத்தைக் குறைக்க Ultra low-latency வைத்தால் பலவீனமான நெட்வொர்க்கில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். கிராமத்துப் பெற்றோர் பார்ப்பதால் Low-latency போதும்.

தலைப்பை விட்டு விலகும் கேள்விகளில் அவசரம் வேண்டாம். "கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும் ஏன் தனி சலுகை?" என்பது அரசியல் வாதம்போல் தெரியும். கேட்டவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தன் மகள் வருவாளா என்பதுதான் தெரிய வேண்டியிருக்கலாம். ஒதுக்கீடு நியாயமா என்ற விவாதத்தில் இறங்காமல், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது என்ற தகுதியைச் சொன்னால் போதும். நீட் போன்ற கேள்விகளுக்கு "7.50-க்கு எடுக்கிறோம்" என்று மணி சொல்லுங்கள், சொன்னால் எடுங்கள். விருந்தினருக்கு அது தெரியாது என்றால் இன்று இல்லை என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, பதற்றத்தில் சில பெற்றோர் பதிவெண்ணையும் போன் நம்பரையும் சாட்டில் போட்டுவிடுகிறார்கள். நேரலை முடிந்த பிறகும் சாட் ரீப்ளேயில் அவை எல்லோருக்கும் தெரியும். கண்ணில் பட்ட நொடியே அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்பதையும் அவர்களிடம் சாட்டிலேயே சொல்லிவிடுங்கள்.