ஊழியர் மன்ற ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டுவிழாவில் நம் நலக்குழு அமைப்பாளர் ஆற்றிய உரையால் அலுவலகத்தில் ஒரு வழக்கம் மாறியிருப்பதால், அதைச் சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

எடை குறைப்புப் போட்டி நடத்தலாம் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அமைப்பாளர் அதை ஏற்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்தால் கனத்த உடம்புக்காரர் அன்று விடுப்பு எடுப்பார், மற்றவர்கள் முந்தின நாள் சாப்பாட்டை விடுவார்கள், தண்ணீரைக் குறைப்பார்கள், அதனால் யார் உடம்புக்கும் நன்மையில்லை என்றார். ஆளை விட்டுவிட்டு டீயைப் பார்ப்போம் என்பதே அவர் உரையின் சாரம்.

கணக்கையும் சொன்னார். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். கடை டீயில் இரண்டு கரண்டி என்று வைத்தால், நாளுக்கு நாலு டீ குடிப்பவருக்கு 32 கிராம். உணவில் சேர்க்கும் சீனியை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அது தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு டீயிலும் அரைக் கரண்டி குறைத்தால் நாளுக்கு 8 கிராம் மிச்சம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

முன்பு ‘சுகர்காரர்களுக்கு’ என்று தனி பிளாஸ்க் இருந்தது. அதைத் தொட்டாலே நோய் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், தேவைப்பட்ட பலரே அதைத் தொடவில்லை. இப்போது எல்லோருக்கும் சீனியில்லாத டீ ஒரே பிளாஸ்கில் வருகிறது. பக்கத்தில் சீனி டப்பா இருக்கிறது, போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். முதல் வாரம் டப்பாவில் சாம்பார்க் கரண்டி கிடந்தது, சீனி முன்பைவிட அதிகம் செலவானது. சிறு தேக்கரண்டி வைத்த பிறகே குறைந்தது. டீ ஆறிப்போனால் சீனி கரையாமல் அடியில் தங்கும், இனிப்பில்லை என்று இன்னொரு கரண்டி விழும். ஆகவே இடைவேளைக்குச் சற்று முன்புதான் பிளாஸ்க் நிரப்பச் சொல்லியிருக்கிறோம்.

அமைப்பாளர் வற்புறுத்திய இன்னொன்றை உறுப்பினர்கள் மறக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது அவருக்கு மூன்று, நாலு கரண்டி சீனிதான் மருந்து. கால்மணி நேரம் கழித்தும் சரியாகவில்லையென்றால் மீண்டும் அதே அளவு கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். “உங்களுக்குச் சுகர் ஆச்சே, இதையா அள்ளிப் போடுறீங்க?” என்ற கேள்வி மனதைப் புண்படுத்துவதோடு அந்த நேரத்தில் ஆபத்தும் ஆகும்.

இரண்டு மாடிகளில் இந்த ஏற்பாடு நடக்கிறது. மூன்றாம் மாடிக்கு இன்னும் கலந்த டீயே வருகிறது. கடைக்காரரிடம் பேசியிருக்கிறோம், அடுத்த மாதம் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.