பள்ளிப் பையைத் துவைக்கும் முன் படிக்க ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன விடுமுறையில் ஒரு அம்மா, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி வாங்கியிருந்த இரண்டு கேன்வாஸ் பைகளைக் கொண்டு வந்தார். அக்காவின் பையைச் சோப்புத் தூள் கரைத்த சுடுதண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அடித்துத் துவைத்து, பையின் தோள்பட்டை வாரில் தொங்கவிட்டுக் காயவைத்திருக்கிறார். அழுக்கு போய்விட்டது. ஆனால் அடிப்பக்கம் தொப்பை போட்டுத் தொங்கியது, தையல் ஓரமெல்லாம் சுருங்கி நெளிந்திருந்தது, உள்ளே பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்தது. அதைப் பழையபடி ஆக்க எங்களால் முடியவில்லை. தம்பியின் பை இன்னும் துவைக்காமல் இருந்ததால், அதை அவர் முன்னாலேயே நாங்கள் துவைத்துக் காட்டினோம். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறோம்.

முதலில் அக்காவின் பைக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறோம். பருத்திக் கேன்வாஸைத் தறியில் இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். சுடுதண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து துணி சுருங்குகிறது. ஆனால் அதோடு சேர்த்துத் தைத்த நைலான் பட்டையும் ஜிப்பின் நாடாவும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. துணி ஒரு பக்கம் இழுக்க, பட்டை விட்டுக்கொடுக்காமல் நிற்க, இரண்டும் சேரும் இடம் நெளிந்துவிடுகிறது. அடியில் நிற்பதற்காக வைத்த அட்டை ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பிவிடும். உள்பக்கப் பூச்சுக்கும் வெந்நீரும் நீண்ட ஊறலும் ஆகாது. அதனால் பச்சைத் தண்ணீரிலோ, கை பொறுக்கும் வெதுவெதுப்பிலோதான் துவைக்க வேண்டும். ஊறவே வைக்க வேண்டாம்.

சரி, தம்பியின் பைக்கு வருவோம். காக்கி நிறம், அடிப்பக்கம் முழுக்க அழுக்கேறிக் கறுப்பு, ஒரு மூலையில் டிபன் டப்பா கசிந்த எண்ணெய்க் கறை. பெரிய ஜிப் வளைவில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் நகராது. அந்த அம்மா முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் பார்த்தார். நாங்கள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினோம். பென்சில் சீவிய தூள், மணல், பிஸ்கட் துகள் என்று ஒரு கைப்பிடி விழுந்தது. அடியில் இருந்த அட்டை தனியாகக் கழன்று வரும் வகை என்பதால் எடுத்து ஓரமாக வைத்தோம். சில பைகளில் அட்டையை உள்ளேயே வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தப் பைகளின் அடியில் தண்ணீரை ஊற்றாமல், பிழிந்த ஈரத் துணியால் மட்டும் துடைப்பதுதான் நல்லது.

ஜிப்பைத் தண்ணீர் படுவதற்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டும். பல்லிடுக்கில் இருக்கும் மணலும் தூளும் உலர்ந்திருக்கும்போது பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும், நனைந்தால் சேறாகி இன்னும் உள்ளே போய் அப்பிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ் ஒன்று போதும். ஜிப்பை மூடி வெளிப்பக்கம் தேய்த்தோம், பையைத் திருப்பி உள்பக்கம் தேய்த்தோம், பிறகு திறந்து பல்லின் ஓரத்தைத் தேய்த்தோம். வளைவில் தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாக ஒரு பிசின் தெரிந்தது, காய்ந்துபோன பழரசம். அதை பிரஷ்ஷால் சுரண்டினால் வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்ததும் இளகியது, துடைத்து எடுத்துவிட்டோம். ரன்னர் வளைவைத் தாண்டி ஓடியது. புது ஜிப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார்.

அப்புறம் அடிப்பக்கம். எண்ணெய்க் கறைக்குச் சோப்புத் தூளைவிடப் பாத்திரம் கழுவும் திரவ சோப் நன்றாகக் கேட்கும். இரண்டு சொட்டு விட்டு விரலால் தடவிப் பத்து நிமிடம் விட்டோம். மற்ற அழுக்குக்கு, அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் திரவ சோப் கலந்து, அந்த நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் துணியின் இழை போகும் திசையிலேயே தேய்த்தோம். வட்ட வட்டமாக அழுத்தித் தேய்த்தால் நூல் பிசிறு எழும்பி அந்த இடம் மட்டும் வெளிறிவிடும். சாயம் போகுமா என்று தெரிய, பையின் உள் ஓரத்தில் நுரையைத் தடவி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சோப்பைக் குறைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், சாயத்தோடு நூலின் பலத்தையும் எடுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கறை இருக்கும் இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்துவிட்டால், காய்ந்த பிறகு கறையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். ஈரம் துணியில் பரவும்போது கரைந்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு போய், காயும் விளிம்பில் விட்டுவிடுகிறது. அதனால் தேய்ப்பது கறையில் மட்டும் என்றாலும், நனைப்பதும் அலசுவதும் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை முழுத் துண்டாக இருக்க வேண்டும். தம்பியின் பையில் அடிப்பக்கம் முழுவதையும் நனைத்து, மக்கால் ஊற்றி, ஓடும் தண்ணீர் தெளியும் வரை அலசினோம். சோப்பு தங்கிவிட்டால் அதில் புழுதி வந்து மறுபடி ஒட்டும்.

பிழியக் கூடாது. வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவும் கூடாது, தோள்பட்டை வாரின் ஃபோம் மடிந்தால் மடிந்ததுதான். ஒரு துண்டை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீரை ஒற்றி எடுத்தோம். பிறகு பைக்குள் உலர்ந்த துண்டுகளைச் சுருட்டி, புத்தகம் வைத்தால் எப்படி நிற்குமோ அந்த வடிவம் வரும் வரை நான்கு மூலைகளிலும் திணித்தோம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிவிடும். ஜிப்பைத் திறந்துவைத்து, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து, அடித் தையலின் இரு ஓரத்திலும் கிளிப் போட்டுக் காற்றாடும் நிழலில் கட்டினோம். தோள்பட்டை வாரில் தொங்கவிட்டால் நீரெல்லாம் அடியில் இறங்கி, கனத்தில் பை தொப்பை போடும். கவிழ்த்துக் கட்டினால் அந்த நீர் திறந்த வாய் வழியாக வடிந்துவிடும். உள்ளே வைத்த துண்டுகளை அன்று சாயங்காலம் ஒருமுறை மாற்றினோம்.

மேல்துணி மறுநாளே காய்ந்த மாதிரி இருந்தது. ஆனால் மூலைத் தையலை இரு விரலால் கிள்ளிப் பார்த்தபோது உள்ளே சில்லென்று இருந்தது. துணி பல மடிப்பாகச் சேரும் இடம் அது. அப்போதே அட்டையை வைத்துப் புத்தகத்தை அடுக்கினால் பூஞ்சை வாடை வரும். மூன்றாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தோம். கறுப்பு முழுக்கப் போனது. எண்ணெய்க் கறை இருந்த மூலை மட்டும் லேசாகத் தெரிகிறது. பழைய கறை என்பதால் அதற்கு மேல் தேய்க்கவில்லை.

கடைசியில் ஜிப்புக்கு ஒரு வேலை. நன்றாகக் காய்ந்த பின் மெழுகுவர்த்தியைப் பல்லின்மேல் ஒருமுறை இழுத்து, ரன்னரை நான்கைந்து தடவை ஓட்டி, உதிர்ந்த மெழுகைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், புழுதியை இழுக்கும், துணியிலும் கறையாக இறங்கும். சுத்தம் செய்த பிறகும் ரன்னர் போன வழியே பல் பிரிந்துகொண்டால், ரன்னரின் வாய் அகன்றிருக்கிறது என்று பொருள். குறடால் இரு பக்கமும் ஒரே அளவில், மிக லேசாக அழுத்தினால் சரியாகும். கை நடுங்கினால் எங்களிடம் கொண்டு வாருங்கள், ரன்னரை மட்டும் மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பைக் கடையின் தையல் மேசையிலிருந்து