இலவசச் சோதனைக் காலம் தரும் பில்லிங் மென்பொருள்காரர்களுக்கு

வணக்கம்.

14 நாள் இலவசமாகத் தருகிறீர்கள். 15ஆம் நாள் அதே கடைக்காரர் புது மின்னஞ்சலோடு வந்து நிற்கிறார். எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்காக ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வரும் இரண்டாவது கணக்கைத் தடுக்காதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இருபது கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு கணக்கர் ஒரே கணினியிலிருந்து இருபது கணக்கு திறந்தால், அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, உங்களுக்கு இருபது வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தவர். ஏமாற்ற நினைப்பவரோ மொபைல் டேட்டாவை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் வேறு ஐ.பி. வாங்கிவிடுவார்.

முதலில் மின்னஞ்சலைச் சீராக்குங்கள். இவை மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான் போகும்:

```
oru.peyar@gmail.com
o.rupeyar+2@gmail.com
OruPeyar@googlemail.com
```

ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எட்டெழுத்துப் பெயரில் புள்ளியை மட்டும் மாற்றி மாற்றி வைத்தே 128 வடிவம் எழுதலாம். அதனால் `orupeyar@gmail.com` என்ற சுருக்க வடிவத்தைத் தனிப் புலத்தில் வைத்து, அதில் ஒப்பிடுங்கள். கடிதம் அனுப்ப, அவர் தட்டிய வடிவமே இருக்கட்டும். புள்ளி விதியை இந்த இரண்டு டொமைன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூகுளே நடத்தும் அலுவலக முகவரிகளில்கூட புள்ளி மாறினால் ஆள் மாறலாம்.

சரி, ஒருவர் உண்மையாகவே ஐந்து தனி மின்னஞ்சல் வைத்திருந்தால்? அங்கே மின்னஞ்சல் கைவிட்டுவிடும். அவரால் மாற்ற முடியாதது எது என்று பாருங்கள். உங்கள் தொழிலில் அது ஜி.எஸ்.டி. எண். வரி பில்லில் விற்பவரின் எண் இருந்தாக வேண்டும். பொய் எண் போட்டால் அந்த பில்லே அவருக்குப் பயன்படாது. சோதனைக் காலத்தை அந்த எண்ணுக்குக் கொடுங்கள். 15 எழுத்துகளில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பான் எண். ஒருவர் இரண்டு மாநிலங்களில் பதிந்திருந்தாலும் இதை வைத்து இணைத்துப் பார்க்கலாம்.

எண்ணைப் பதிவுப் படிவத்தில் கேட்காதீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் ஓடிவிடுவார். முதல் உண்மையான பில்லை அச்சிடும்போது கேளுங்கள். ஏற்கெனவே வந்த எண் என்றால் "இந்த எண்ணுக்குச் சோதனைக் காலம் முடிந்துவிட்டது" என்று மட்டும் காட்டுங்கள். பழைய கணக்கின் பெயரையோ பில்களையோ திறந்துவிடக் கூடாது, ஏனென்றால் பக்கத்துக் கடை பில்லைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தட்டலாம். பழைய கணக்கைத் தொடரும் இணைப்பைப் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதும்.

ஜி.எஸ்.டி. பதிவில்லாத சின்னக் கடைகள் இந்த வலையில் சிக்காது. அவர்களுக்கு மொபைல் ஓ.டி.பி. வையுங்கள். அதையும் தாண்டி இரண்டாவது சிம்மோடு வருபவரை விட்டுவிடுங்கள். அவரைத் துரத்த ஆகும் வேலை உங்கள் ஒரு மாதச் சந்தாவைவிட அதிகம்.

இப்படிக்கு,
பதிவுப் பட்டியல்களைச் சலிக்கும் வேலையில் இருக்கும் ஒருவன்