ஆறு தலைப்பும் நிரம்பிவிட்டால் மார்க்கா?

வடசென்னை நர்சிங் கல்லூரிகளில் ரெஃப்ளெக்டிவ் டைரி திருத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நானும் டைரிக் கட்டோடு பஸ் ஏறுகிறவள்தான்.

நாம் எல்லோரும் கிப்ஸ் 1988-ல் தந்த வட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன், முடிவு, இனி என்ன என்று ஆறு தலைப்பு. தலைப்புக்கு இத்தனை மார்க் என்று சமமாகப் பிரித்ததில்தான் கோளாறு. 'ஏன்' என்ற இடத்தில் ஒரே வரி எழுதியவளும் மற்ற ஐந்தில் வாரிக்கொண்டு போய்விடுகிறாள்.

எனக்கு வந்த ஒரு டைரி: "காலை 7.30-க்கு ரெகுலர் இன்சுலின் போட்டேன். டிபன் வர 8.30 ஆனது. அதற்குள் அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சுகர் 58. குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது ஏறியிருந்தது. மிகவும் வருந்தினேன். இனி கவனமாக இருப்பேன்."

நடந்ததைச் சொல்லும் வரிகளையும் வருத்தத்தையும் பென்சிலால் அடித்துப் பாருங்கள். மிஞ்சுவது 'கவனமாக' மட்டும். எதில் கவனம்?

'7.30 என்று முடிவு செய்தது எது?' என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வந்த பதில் இது: "மருந்து, அளவு, பெயர் எல்லாம் சரிபார்த்தேன். சாப்பாடு வந்ததா என்று பார்க்கவில்லை. அரை மணியில் இன்சுலின் வேலை தொடங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் வார்டில் சாப்பாட்டை நினைக்காமல் சார்ட்டில் இருந்த நேரத்தைத்தான் நினைத்தேன். டிபன் வண்டி எங்கள் வார்டுக்குக் கடைசியில்தான் வரும். சிஸ்டர்களுக்குத் தெரியும். அந்த அவசரத்தில் மாணவி கேட்டால் திட்டு விழும் என்று நான் கேட்கவில்லை. இனி வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகே ஊசியை எடுப்பேன். தாமதமென்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்வேன்."

அதே சம்பவம்தான். ஆனால் இதில் காரணம் இருக்கிறது, படித்ததற்கும் செய்ததற்கும் நடுவிலிருந்த இடைவெளி தெரிகிறது, வார்டின் பழக்கமும் கேள்விக்கு வருகிறது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் எழுத்தைப் படித்த ஹாட்டனும் ஸ்மித்தும் 1995-ல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்: வெறும் விவரிப்பு, காரணம் சொல்லும் விவரிப்பு, தன்னோடு வாதாடுவது, சூழலையும் சேர்த்து விசாரிப்பது. தலைப்புவாரியாக மார்க் கூட்டுவதைவிட, முழு டைரியும் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பது நேர்மையாகப் படுகிறது. நான்காம் படியை முதலாண்டில் எதிர்பார்க்க வேண்டாம், அது அபூர்வம்.

இன்னும் இரண்டு விஷயம். 'திட்டு விழும்' என்ற வரிக்காக அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டால், அடுத்த டைரி பழையபடி வருத்தமும் கவனமுமாகத்தான் வரும். சம்பவ அறிக்கை வார்டில் தனியாகப் போகட்டும், டைரி அதற்கான இடமில்லை. அப்புறம், பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளை டைரியைத் தமிழிலேயே எழுத விடுங்கள். ஆங்கிலத்தில் 'ஏன்' என்பதற்கு அவர்களிடம் ஒரு வரிதான் இருக்கிறது. அதைப் பார்த்து யோசிக்கத் தெரியவில்லை என்று மார்க்கைக் குறைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி