அதிகாரப்பூர்வ ஏபிஐ வழியிலேயே ஏன் தொடர்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தளங்களே மென்பொருள்களுக்குத் தகவல் தருவதற்கென அமைத்துள்ள வழியான அதிகாரப்பூர்வ ஏபிஐ மூலம் விலைகளை எடுத்துத் தரும் எங்கள் விலைக் கண்காணிப்புச் சேவையைப் பற்றி விற்பனையாளர்களிடையே ஒரு குறை பரவி வருவதை உங்களில் பலர் அறிவீர்கள். சிலர் அதை எங்களுக்கே அனுப்பி விளக்கமும் கேட்டிருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து பார்க்கக்கூடிய விலையை எடுத்துத் தருவதற்கு நாங்கள் கட்டணம் வாங்குகிறோம் என்பதும், பக்கத்தில் இருப்பதை மென்பொருளால் நேரடியாக உருவி, அதாவது ஸ்கிரேப் செய்து, தருகிற வேறு சேவைகள் இதைவிட வேகமாகவும் மலிவாகவும் தருகின்றன என்பதும்தான் அந்தக் குறை. வேகத்தைப் பற்றிய பேச்சை நாங்கள் பொருட்படுத்தவில்லை. இலவசமாகக் கிடைப்பதை விற்கிறோம் என்ற சொல்தான் எங்களை வருத்தியது. ஆகவே அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

பக்கத்தில் தெரியும் விலை, அதைப் பார்ப்பவரைப் பொறுத்தது. உறுப்பினராக உள்நுழைந்தவருக்கு ஒன்று, புதிதாக வருபவருக்கு ஒன்று, பொருள் அனுப்ப வேண்டிய இடம் மாறினால் மற்றொன்று எனப் பல தளங்களில் அது மாறும். மனிதக் கண் அதைப் பார்த்ததும், அடித்துக் காட்டப்பட்ட பழைய விலை எது, கூப்பன் கழிந்த விலை எது, மாதத் தவணை எது என்று பிரித்து அறிந்துகொள்கிறது. ஸ்கிரேப்பருக்கு அந்த அறிவு கிடையாது. பக்கத்தின் எந்த இடத்தில் இருப்பதை எடுக்கச் சொன்னோமோ, அந்த இடத்தில் இருப்பதை அது எடுக்கும்.

எங்களை விட்டு வேறொரு சேவைக்குச் சென்று, பின்னர் திரும்பி வந்த ஒரு வாடிக்கையாளர் தம் கோப்புகளை எங்களிடம் காட்டினார். அவருடைய அனுமதியுடன், அடையாளங்களை நீக்கி, அதில் கண்டதைச் சொல்கிறோம். அந்தச் சேவை விலையை எடுக்கப் பயன்படுத்திய கட்டளையின் சாரம் இவ்வளவுதான்:

```
document.querySelector(".price")
```

பக்கத்தில் `price` என்ற வகுப்புப்பெயர் கொண்ட உறுப்புகள் எத்தனை இருந்தாலும், இந்தக் கட்டளை முதலில் வருவதை மட்டுமே தரும். 1,200 என்று விலையிடப்பட்ட பொருளுக்கு 1,200 என்றே நெடுநாள் சரியாக வந்துகொண்டிருந்தது. பிறகு தளத்தார் பக்கத்தின் வடிவமைப்பை மாற்றி, விலைக்கு மேலே 12 மாதத் தவணைத் தொகையை அதே வகுப்புப்பெயருடன் சேர்த்தார்கள். அன்று முதல் கோப்பில் 100 என்று பதிவாகத் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. ஏனெனில் கட்டளையின் பார்வையில் எதுவும் தவறவில்லை. போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அவர் அமைத்திருந்த மென்பொருள், அவர் வைத்திருந்த அடிவரம்பு வரை விலையை இறக்கிவிட்டது. அடிவரம்பு ஒன்றை வைத்திருந்ததால் நட்டம் அத்துடன் நின்றது.

அதிகாரப்பூர்வ ஏபிஐயில் இந்த வகைக் குழப்பத்துக்கு இடம் மிகக் குறைவு. விற்பனை விலை, பட்டியல் விலை, நாணயம், விற்பவரின் எண், கடைசியாகப் புதுப்பித்த நேரம் ஆகியவை தனித்தனிப் பெயருள்ள புலங்களாக வருகின்றன. பக்கத்தின் தோற்றம் எப்படி மாறினாலும் இவை மாறுவதில்லை. புலத்தையே மாற்ற நேர்ந்தால் புதிய பதிப்பு எண் கொடுப்பதும், பழைய பதிப்பு எதுவரை இயங்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பதும் நல்ல ஏபிஐ நடத்துபவர்களின் வழக்கம். பக்கத்தில் திடீரென வரும் சில சலுகைகள் ஏபிஐக்கு வந்துசேரச் சற்று நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் விலை எந்த நேரத்து விலை என்பதாவது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

அதே கோப்பில் இன்னொன்றையும் கண்டோம். ஒரு கட்டத்துக்குப் பின் பெரும்பாலான பொருள்களின் விலை அசையாமல் நின்றுவிட்டது. நாள்தோறும் ஏறி இறங்கும் பொருள்கள்கூட அப்படியே இருந்தன. சேவையின் பதிவேட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 200, அதாவது வெற்றி, என்றே இருந்தது. வந்த பக்கங்களின் அளவைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: வெவ்வேறு பொருள்களுக்கு வந்த பக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. தளம் அந்த ஸ்கிரேப்பரை அடையாளம் கண்டு, பொருள் பக்கத்துக்குப் பதிலாக, வந்திருப்பவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா பக்கத்தை அனுப்பியிருக்கிறது. விலை கிடைக்காதபோது, முன்பு சேமித்திருந்த விலையையே மீண்டும் எழுதும்படி அந்த மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. தடை விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏபிஐயில் அனுமதிக்கப்பட்ட கோரிக்கை அளவை மீறினால் 429 என்ற எண் வரும். பல ஏபிஐகள் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் `Retry-After` என்ற தலைப்பில் சேர்த்தே சொல்லிவிடும். எங்கள் தகவல் சில வேளைகளில் தாமதமாவதற்கு, அந்தக் காத்திருப்பை நாங்கள் மதிப்பதும் ஒரு காரணம்.

தடை ஐபி முகவரியோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகவரி தடைபட்டதும், ஸ்கிரேப் செய்பவர்கள் வேறு முகவரியிலிருந்து வருவதுபோல் காட்டும் ப்ராக்ஸிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். தளமோ இணைப்பு தொடங்கும் விதத்தையும் கோரிக்கைகளின் இடைவெளியையும் வைத்து மீண்டும் கண்டுபிடிக்கும். உறுப்பினர் விலையைப் பெறுவதற்காகச் சில சேவைகள் வாடிக்கையாளரின் கணக்கிலேயே உள்நுழைந்து எடுக்கின்றன. அப்போது முடக்கப்படுவது சேவை நடத்துபவரின் கணக்கன்று, உங்கள் கணக்கு. அதே தளத்தில் நீங்கள் விற்பவராகவும் இருந்தால், அதன் விளைவை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பொதுப் பக்கத்தைப் படிப்பது குற்றமாகாதே என்று கேட்டவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுகிறோம். அமெரிக்காவில் ஹைக்யூ நிறுவனம் லிங்க்ட்இன் தளத்தின் பொதுப் பக்கங்களை ஸ்கிரேப் செய்த வழக்கில், கணினி ஊடுருவல் சட்டத்தை அது மீறியதாகத் தோன்றவில்லை என்று 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. இதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பலர். அதே ஆண்டு நவம்பரில் கீழமை நீதிமன்றம், தளத்தின் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று தீர்மானித்தது. டிசம்பரில் 5 லட்சம் டாலர் தீர்ப்புத்தொகைக்கு ஹைக்யூ உடன்பட்டு வழக்கு முடிந்தது. குற்றமாகாத செயலும் ஒப்பந்த மீறலாகலாம்.

நீங்கள் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பகுதி, ஏபிஐ நடத்துபவர்களுக்கு நாங்கள் கட்டும் தொகையாகவே போகிறது. அவர்கள் தங்கள் கட்டணத்தை உயர்த்தியிருப்பதால், அடுத்த பில்லிலிருந்து மாதக் கட்டணம் 12 விழுக்காடு கூடும். ஏபிஐ தராத தளங்கள் எங்கள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படமாட்டா.

இந்தப் பேச்சுகளுக்கு நடுவிலும் எங்களோடு நின்றவர்களுக்கும், எங்களைக் கேட்காமலே எங்களுக்காகப் பதில் எழுதியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கையால்தான் இந்தச் சிறு நிறுவனம் இயங்குகிறது.

வேறு சேவையின் கோப்பை எங்களுடையதோடு ஒப்பிட விரும்புவோர், இரண்டைப் பாருங்கள்: ஒவ்வொரு விலைக்கும் எடுத்த நேரம் தனியே பதிவாகியிருக்கிறதா, விலை கிடைக்காத இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறதா அல்லது பழைய எண்ணால் நிரப்பப்பட்டிருக்கிறதா. ஐயம் இருந்தால் அந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்புங்கள். கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறோம்.

நன்றியுடன்,
நிறுவனர்