நலம் விசாரிக்கும் ‘தனி மேலாளர்’

ஐயா,

தண்டையார்பேட்டையில் என் அண்ணன் மகனை ஒரு வெளிநாட்டுச் சூதாட்டத் தளம் ‘விஐபி’ ஆக்கியது. வென்றதற்காக அல்ல, பந்தயம் கட்டிய தொகைக்காக! மாதந்தோறும் அதே அளவு கட்டாவிட்டால் அந்தத் தகுதி பறிபோகும்.

மூன்று நாள் ஆடாவிட்டால் ‘தனி மேலாளர்’ வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பார். 10,000 ரூபாய் செலுத்தினால் 5,000 போனஸ் என்பார். அந்த போனஸை எடுக்க அதன் 20 மடங்கு, அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்து ரூபாய் தளத்துக்குச் சேரும் ஆட்டத்தில், சராசரியாக அந்த 5,000 அங்கேயே கரைந்துவிடும். மிச்சப் பணத்தை எடுக்க அவன் விண்ணப்பித்த அன்றே இன்னும் பெரிய சலுகையோடு அழைப்பு வந்தது.

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இந்த மேலாளர்களின் வாட்ஸ்அப் எண்களையும் காவல்துறை முடக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை